பாரம்பரிய அரிசி விற்பனைத் தளம்: போட்டித் தளங்களைப் பார்த்தபின் அளிக்கும் அறிக்கை

பெறுநர்: மன்னார்குடி அரிசி ஆலையின் பங்குதாரர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

பாரம்பரிய நெல் ரகங்களை நமது ஆலையில் அரைத்து நேரே வீடுகளுக்கு அனுப்பும் இணையதளத்தை வடிவமைக்கும் முன்பு, இதே சரக்கை விற்கும் பிறருடைய தளங்களைப் பார்த்து, எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். நான்கு தளங்களைப் பார்த்தேன். சென்னையிலிருந்து இயங்கும் பெரிய இயற்கை அங்காடியை அ என்றும், கோயம்புத்தூர்க் கடையை ஆ என்றும், பெங்களூரில் சிறுதானியத்தோடு அரிசியும் விற்பவரை இ என்றும், திருவாரூர் மாவட்ட விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒற்றைப் பக்கத்தை ஈ என்றும் குறிப்பிடுகிறேன். முதல் மூன்றிலும் ஒவ்வொரு கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கியும் பார்த்தேன்.

அரிசி வாங்க வருபவர் ஆலை வாசலில் கேட்கும் கேள்விகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: பழைய அரிசியா புதியதா, புழுங்கலா பச்சையா, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், சோற்றுக்கு ஆகுமா இட்லிக்கு ஆகுமா. இந்த நான்குக்கும் ஒரே இடத்தில் விடை சொல்லும் தளம் ஒன்றுகூட இல்லை என்பதே நான் கண்டவற்றுள் முதன்மையானது. கும்பகோணத்தில் இருக்கும் என் அண்ணியிடம் கைபேசியைக் கொடுத்து, இ தளத்தில் கருப்பு கவுனி வாங்கச் சொல்லிவிட்டு அருகில் இருந்தேன். அரசர்கள் உண்ட அரிசி என்ற வரலாற்றை மூன்று முறை விரலால் தள்ளினார், சத்துப் பட்டியலைத் தள்ளினார், பிறகு தலையை உயர்த்தி, அடுக்களையில் இருந்த தம் மாமியாரிடம், "இதை ராத்திரியே ஊற வைக்கணுமா, அத்தை?" என்று கேட்டார். பக்கம் சொல்ல வேண்டியதை மாமியார் சொன்னார். அரிசியை அன்று வாங்கவில்லை.

ஆகவே, நமது தளத்தின் மையம் முகப்புப் பக்கம் அன்று, ஒவ்வொரு அரிசிக்கும் உரிய பக்கமே. அதில் படத்துக்கு அடுத்த வரியிலேயே அறுவடைப் பட்டம், அரைத்த மாதம், புழுங்கலா பச்சையா, ஊறும் நேரம், தண்ணீர் அளவு ஆகியவை வர வேண்டும். அரைத்த மாதத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளின்படி விலை, நிகர எடை, உற்பத்தியாளர் விவரம் முதலியவற்றை இணையத்தில் காட்டியாக வேண்டும்; ஆனால் பொட்டலமிட்ட மாதத்தைத் தளத்தில் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, பொட்டலத்தில் இருந்தால் போதும். எனவே எவரும் காட்டுவதில்லை. எனக்கு வந்த மூன்றில் ஒன்று ஏழு மாதத்துக்கு முன் கட்டியது. மேல் தவிடு நீக்காத அரிசி என்பதால் திறந்ததும் சிக்கு வாடை அடித்தது. தை, மாசியில் அறுத்த சம்பா நெல்லை நாம் இருப்பு வைத்து, வேண்டும்போது அரைக்கிறோம் என்பதால், பிறர் மறைப்பதைச் சொல்ல நம்மால் முடியும்.

இனித் தொனி. அ, இ இரண்டும் ஏறக்குறைய மருத்துவமனைக் குறிப்பைப் போல எழுதியிருக்கின்றன: சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் அண்டாது, பூங்கார் சாப்பிட்டால் சுகப்பிரசவம். விற்பனைக்கு இது உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. உங்களில் ஒருவர் இதே வாசகங்களை நாமும் போடலாம் என்று கருதுவதையும் அறிவேன். ஆனால் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று உணவுப் பொருளுக்கு உரிமை கோருவதை 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், மருந்தை விட்டுவிட்டுச் சோற்றை நம்பும் ஒருவருக்கு நாம் பொறுப்பேற்க இயலாது. இந்த வாசகங்களை முற்றாகத் தவிர்க்கப் பரிந்துரைக்கிறேன்.

நல்ல தொனி ஈ தளத்தில் இருக்கிறது. வடிவமைப்பு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ஒரு விலைப்பட்டியல், ஒரு வாட்ஸ்அப் எண், களத்தில் எடுத்த நான்கு படங்கள். ஆனால் "இந்த மழையில் தூயமல்லி சாய்ந்துவிட்டது, இருப்பு குறைவு" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் படித்தவுடன் அங்கே ஆள் இருக்கிறார் என்று தெரிகிறது. நாமும் இப்படியே எழுதலாம்: முழு வாக்கியத்தில், மரியாதையாக, ஆலையில் நின்று பேசுவதுபோல. இதற்கு நேர்மாறாக, ஆ தளத்தின் முகப்பில் "காவிரிக்கரை நெல்" என்ற வரிக்கு மேலே மலைச்சரிவில் படிக்கட்டாக வெட்டிய வயலின் படம் இருக்கிறது. வேறு எந்த நாட்டு மலையோ தெரியவில்லை. நம் பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய வரை சமதளம். படங்களை நமது களத்திலேயே எடுத்துவிடலாம்.

கட்டமைப்பில் ஆ தளத்திடமிருந்து ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே அரிசிகள் ரகப் பெயரால் அல்லாமல் பயனால் பிரிக்கப்பட்டுள்ளன: தினச் சோறு, இட்லி தோசை, கஞ்சி, பிரியாணி, இனிப்பு. பெயர் தெரிந்தவர் தேடிக்கொள்வார். தெரியாதவருக்குத் தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் ஒன்றுதான். தேடலைப் பொறுத்தவரை, ஆங்கில எழுத்தில் mappillai samba என்றும் mapillai samba என்றும் பலவாறாகத் தட்டுகிறார்கள். எப்படித் தட்டினாலும் அதே பக்கம் வர வேண்டும். அ தளத்தில் தமிழில் தட்டினால் ஒன்றுமே வருவதில்லை.

அனுப்பும் கட்டணம் நமது தொழிலின் முடிச்சு. ஆ தளத்தில் 140 ரூபாய் அரிசிக்கு 90 ரூபாய் கூரியர் என்பது பணம் கட்டும் கடைசிப் படியில்தான் தெரிந்தது. எரிச்சலில் மூடிவிட்டு, மறுநாள்தான் வாங்கினேன். அரிசிப் பக்கத்திலேயே அஞ்சல் குறியீட்டைக் கேட்டு மொத்தத் தொகையைக் காட்டலாம். 1 கிலோவை மாதிரிக்கு மட்டும் வைத்து, 5 கிலோவையும் 25 கிலோ சிப்பத்தையும் முன்னால் வைப்பது நல்லது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்குப் பார்சல் சர்வீஸ் கட்டணம் குறைவு என்பதால் அதைத் தனியே காட்டலாம்.

வண்டு விழுந்த அரிசியைத் திரும்பப் பெறுவது பற்றி மூன்று கடைத் தளங்களும் மௌனம். மருந்து அடிக்காத அரிசியில் வண்டு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லி, வந்து சேர்ந்த 15 நாளுக்குள் படம் அனுப்பினால் மாற்றித் தருவோம் என்று எழுதலாமா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். நான் எழுதலாம் என்பேன்.

மற்றவை சிறியவை. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாப் பக்கத்தின் அடியிலும் வரும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தள்ளுபடி தருவதாகத் திரையில் திடீரென எழும் சக்கரம், சலுகை முடியப்போகிறது என்று பொய்யாக ஓடும் கடிகாரம் ஆகியவை வேண்டாம்.

வேலையைத் தொடங்க எனக்கு இரண்டு தேவைப்படுகின்றன: தற்போது இருப்பில் உள்ள ஒவ்வொரு ரகத்துக்கும் அறுவடைப் பட்டமும் மூட்டைக் கணக்கும், குறைதீர்ப்புக்கு யார் பெயரைப் போடுவது என்ற முடிவும். ஊறும் நேரத்தையும் தண்ணீர் அளவையும் ஆலையில் சமைக்கும் அம்மாவிடம் நானே வந்து, ஒவ்வொரு ரகத்தையும் வடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தள வடிவமைப்பாளர், தஞ்சாவூர்