ஆறாம் வகுப்பு அறிவியல்: நாளைய பாடத் திட்டம்

வகுப்பு: 6 ‘ஆ’ பிரிவு, 36 பிள்ளைகள்
பாடம்: அளவீடுகள் – நீளத்தை அளத்தல்
நேரம்: மூன்றாம் பாடவேளை, 40 நிமிடம்
பொருள்கள்: பிள்ளைகளின் அளவுகோல்கள், சாக்பீஸ், பூ கட்டும் நூல் ஒரு உருண்டை (என் மேசை இழுப்பறையில் இருக்கிறது)

டீச்சர், நாளை நான் பயிற்சிக்குப் போவதால் இந்த வகுப்பை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கணக்கு எடுக்கும் உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று: பாடப் புத்தகத்தை முதல் 25 நிமிடத்துக்குத் திறக்க விடாதீர்கள். அலகு எதற்கு என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரட்டும்.

பாடம் முடியும்போது அவர்களுக்கு வர வேண்டியவை: பொது அலகு எதற்கு என்று தன் சொல்லில் சொல்வது, அளவுகோலை எங்கிருந்து வைத்தாலும் சரியாக வாசிப்பது, வளைகோட்டை நூலால் அளப்பது.

தொடக்கம் (8 நிமிடம்)
ஆறு பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவிலும் எல்லோரும் தங்கள் பெஞ்சின் நீளத்தைத் தனித்தனியே சாணால் அளந்து, எண்ணைக் கரும்பலகையில் எழுதட்டும். ஒரே பெஞ்சுக்கு ஒன்பது, பத்தரை, பதினொன்று என்று வரும். “நீ தப்பா அளந்த” என்று சண்டை தொடங்கும். உடனே தீர்த்து வைக்க வேண்டாம். பிறகு கேளுங்கள்: “பூக்காரம்மா முழம் போடும்போது நீளமான கை உள்ளவரிடம் வாங்குவீங்களா, குட்டைக் கை உள்ளவரிடமா?” இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதற்குப் பதில் தெரியும். அங்கிருந்து சென்டிமீட்டருக்கும் மீட்டருக்கும் வந்துவிடலாம்.

ஆர்வமாகக் கேட்டால் மட்டும் ஒரு செய்தி: 1999-இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் ‘மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர்’ தொலைந்ததற்குக் காரணம், ஒரு குழு பவுண்டு அலகில் கொடுத்த எண்ணை இன்னொரு குழு நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. மீட்டரின் வரையறையை (ஒளி வெற்றிடத்தில் 1/299,792,458 வினாடியில் செல்லும் தொலைவு) எழுத வைக்க வேண்டாம், ஆறாம் வகுப்புக்கு அது சுமை.

அளவுகோலை வாசித்தல் (15 நிமிடம்)
இதற்குத்தான் நேரம் கொடுங்கள். பலரின் ஸ்கேல் முனை உடைந்தோ தேய்ந்தோ இருக்கும். அதுவே நமக்கு வசதி. பென்சிலை 2.3 செ.மீ. கோட்டிலிருந்து வைத்து 9.1-இல் முடியச் செய்து நீளம் கேளுங்கள். பாதிப் பேர் 9.1 என்பார்கள். கோடுகளை எண்ணுகிறவர்கள் தொடங்கும் கோட்டையும் ஒன்று என்று சேர்த்துவிடுவார்கள். விடை 6.8 செ.மீ. என்று நீங்கள் சொல்லாமல், பென்சிலைச் சுழியத்துக்கு நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இடமாறு தோற்றப்பிழை. ஸ்கேலின் மீது ஒரு சாக்பீஸை நிறுத்தி வைத்து, அதன் மேல் நுனி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று இடப்பக்கம், நேராக, வலப்பக்கம் எனத் தலையை வைத்து வாசிக்கட்டும். மூன்று எண்கள் வரும். பின் சாக்பீஸைப் படுக்க வைத்து அதே போல் நுனியை வாசிக்கச் சொன்னால் வித்தியாசம் வெகுவாகக் குறையும். பொருள் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும், கண் நேர் மேலே இருக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

வளைகோடு (9 நிமிடம்)
தரையில் ஒவ்வொரு குழுவுக்கும் வளைந்த கோடு ஒன்று வரையுங்கள். நூலைக் கோட்டின் மேல் பதித்து, இரு முனைகளிலும் பிடித்து, நீட்டி ஸ்கேலில் வைத்து அளக்கட்டும். நூலை இழுத்தால் கோட்டை விட்டு விலகும், தளர்த்தினால் நெளியும். அதை அவர்கள் கண்டுபிடிக்கட்டும். கம்பளி நூல் கொண்டு வந்திருந்தால் வாங்கி வைத்துவிடுங்கள், அது இழுத்தால் நீளும்.

மதிப்பீடு (6 நிமிடம்)
இப்போது புத்தகத்தைத் திறக்கலாம். இரண்டு கேள்வி போதும்: உடைந்த ஸ்கேலில் 1.5-இல் தொடங்கி 7 செ.மீ.-இல் முடியும் கோட்டின் நீளம் என்ன (5.5)? வீட்டுக் கதவின் அகலத்தை அப்பாவின் சாணால் சொன்னால் கடைக்காரருக்கு ஏன் போதாது? அலகு எழுதாத விடைக்குப் பாதி மதிப்பெண்தான், இதில் தயவு காட்ட வேண்டாம்.

கடைசி இரண்டு நிமிடத்தில் வீட்டுப்பாடம்: வீட்டில் உள்ள குடம் அல்லது பானையின் சுற்றளவை நூலால் அளந்து எழுதி வர வேண்டும். மூன்று முறை அளந்து மூன்று எண்ணையும் எழுதட்டும், ஒன்றாக வராவிட்டாலும் திருத்தக் கூடாது.

ஒரு சங்கதி. ஜன்னல் ஓரம் கடைசிப் பெஞ்சில் இருக்கும் இரண்டு பேரைச் சாண் வேலை முடிந்ததும் பிரித்து வேறு குழுவில் விடுங்கள், இல்லாவிட்டால் நூலால் பட்டம் கட்டிவிடுவார்கள். நேரம் போதவில்லை என்றால் வளைகோட்டை விட்டுவிடலாம், வெள்ளிக்கிழமை நான் எடுத்துக்கொள்கிறேன். பென்சில் பகுதியை மட்டும் குறைக்க வேண்டாம்.