கவுன்டரிலிருந்து கடன் மேசைக்கு: வண்ணாரப்பேட்டைக் கிளை கிளார்க்குக்கு ஒரு வருடத் திட்டம்

தம்பி,

போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதியே தருகிறேன். ஜூன் முதல் அடுத்த மே வரைக்குமான திட்டம் இது. உங்கள் மேனேஜரிடமும் ஒரு பிரதி கொடுங்கள், வீட்டு விஷயம் இருக்கும் பத்தியை மட்டும் எடுத்துவிட்டு.

இப்போது எங்கே நிற்கிறீர்கள்

வயது 43, பி.காம்., 17 வருட சர்வீஸ், முழுக்க சிங்கிள் விண்டோ கவுன்டர். ரிட்டயர்மென்டுக்கு இன்னும் 17 வருடம். சரியாகப் பாதி வழி. வாலன்டரி ரிட்டயர்மென்ட் பற்றிக் கேட்டீர்கள். பெண் பத்தாவது, பையன் ஏழாவது என்று இருக்கும்போது அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

கவுன்டர் வேலையில் எது போய்விட்டது என்று நேர்மையாகப் பார்ப்போம். 2011ல் சென்னைக்கு, செக்கின் படத்தை மட்டும் அனுப்பும் சிடிஎஸ் வந்ததும் செக் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளியரிங் ஹவுஸ் போகும் வேலை முடிந்தது. 2025 அக்டோபரிலிருந்து செக்கை வந்தவுடன் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்து பேட்ச் போடும் பழக்கமும் போயிற்று. பாஸ்புக் என்ட்ரிக்கு வாசலில் மெஷின். கேஷ் கட்டுவதும் எடுப்பதும் ரீசைக்கிளரில். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் யூபிஐ அட்டை தொங்காத கல்லாவே இல்லை. உங்கள் டோக்கன் எண்ணிக்கை குறைந்தது உங்கள் குறை கிடையாது.

மெஷின் இருந்தும் உங்களிடம்தான் வந்து நிற்கிறவர்கள் யார்? என்னிடம் நீங்கள் அடுக்கியதை மூன்றாகப் பிரித்தேன். கடன் கேட்டு அல்லது தவணை கட்ட முடியாமல் வருகிறவர்கள். போனில் ஏமாந்து பணம் போய்விட்டது என்று பதறி வருகிறவர்கள். வீட்டில் இறந்துபோனவர் கணக்கிலிருக்கும் பணத்தைக் கேட்டு வருகிறவர்கள். மூன்றிலும் ஆளைப் பார்த்துப் பேசி, காகிதத்தைப் படித்து, ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் அடுத்த வேலை அங்கேதான். முதலாவதைப் பிரதானமாக எடுங்கள், இரண்டாவதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த வேலை. 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம் என்று வந்த மாற்றத்தை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வேண்டாம் என்று நான் சொல்பவை

மச்சான் சொன்னார் என்று லட்ச ரூபாய் கட்டி டேட்டா சயின்ஸ் வகுப்பில் சேராதீர்கள். 23 வயதுப் பிள்ளைகளோடு அவர்கள் மைதானத்தில் போய்ப் போட்டி போடுவதில் உங்கள் 17 வருடத்துக்கு ஒரு மதிப்பும் கிடைக்காது. இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் விற்பனைச் சான்றிதழ்களையும் இந்த வருடம் தொட வேண்டாம். விற்பது தப்பில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் கையிலிருந்தால் மாதக் கடைசி டார்கெட் முழுக்க உங்கள் தலையில்தான் விழும். படிக்க நேரமே இருக்காது.

ஜூன் முதல் ஆகஸ்ட்: கணக்கைப் படிக்கும் கண்

எக்செலில் ஆரம்பியுங்கள். நீங்கள் எக்செலை டைப் அடிக்கத்தான் பயன்படுத்துகிறீர்கள்; கூட்டலைக்கூட கால்குலேட்டரில் போட்டு எழுதுகிறீர்கள். SUMIFS, XLOOKUP, PMT, பிவட் டேபிள், இவ்வளவு போதும். ஐந்து லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, ஐந்து வருடம். தவணை எவ்வளவு?

```
=PMT(9.5%/12, 60, -500000)
```

சுமார் 10,501 ரூபாய் வரும். வட்டியையும் மாதத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். "மாசம் எட்டாயிரம்தான் சார் கட்ட முடியும்" என்பவருக்கு எத்தனை வருடம் கொடுக்க வேண்டும் என்று அவர் எதிரிலேயே சொல்ல வர வேண்டும். பழகுவதற்கு வாடிக்கையாளர் விவரம் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். கற்பனைக் கடை, கற்பனை எண்கள் போதும்.

அடுத்தது கடை வரவு செலவு. பழைய வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் கடை வைத்திருப்பவர் ஒருவர், வருட விற்பனை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சிறு தொழிலுக்குப் பழக்கத்தில் இருக்கும் கணக்குப்படி அதில் 25 சதவீதம், அதாவது 15 லட்சம், நடைமுறை மூலதனத் தேவை. அவர் கையிலிருந்து 3 லட்சம், வங்கி 12 லட்சம். லிமிட் 12 லட்சம் என்பதற்காக முழுவதையும் எடுத்துவிட முடியாது. ஸ்டாக் 12 லட்சம், அதில் சூரத்துக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி 4 லட்சம் என்றால் மிச்சம் 8 லட்சம். 25 சதவீத மார்ஜின் போக, அவர் எடுக்கக்கூடிய தொகை, அதாவது டிராயிங் பவர், 6 லட்சம்தான். இதைக் கடைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்வதில்லை. செக் திரும்பிய பிறகுதான் சண்டைக்கு வருகிறார்கள்.

விற்பனை 60 லட்சம் என்று வாயால் சொல்வதை ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யோடும் கணக்கு ஸ்டேட்மென்டோடும் ஒப்பிடப் பழகுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முன்னால் கொள்முதல் ஏறும், ஆடித் தள்ளுபடியில் பழைய சரக்கு கழியும். வரவு அந்த மாதங்களில் அசையவே இல்லை என்றால் வியாபாரம் வேறு வங்கிக் கணக்கில் ஓடுகிறது, அல்லது ஓடவே இல்லை. இது உங்களுக்குக் கண்ணில் படும்; புதிதாக வெளியூரிலிருந்து வரும் ஆபீஸருக்குப் படாது.

செப்டம்பர் முதல் நவம்பர்: பரீட்சையும் மேசையும்

வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி பரீட்சையை இத்தனை வருடம் தள்ளிப்போட்டது போதும். நான்கு தாள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், 50 எடுத்தால் பாஸ். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. அக்டோபர்–நவம்பரில் வங்கி நடைமுறைத் தாளையும் ரீடெயில் பேங்கிங் தாளையும் கண்டிப்பாகத் தாண்டுங்கள். பாதிக்கு மேல் நீங்கள் தினமும் செய்கிற வேலைதான். அக்கவுன்டன்சியும் பொருளாதாரமும் மே–ஜூனுக்கு. முடித்தால் ஒரு இன்கிரிமென்ட், பிறகு அடுத்த கட்டமான சிஏஐஐபி முடித்தால் இன்னும் இரண்டு. பணத்தைவிட, புரமோஷன் நேரத்தில் கையில் இருக்க வேண்டிய காகிதம் அது.

படிப்புக்கு விடியற்காலை ஐந்தரை முதல் ஆறே முக்கால். தண்டையார்பேட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன். அதில் படிக்கிறேன் என்பது கதை. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலையை முழுசாகப் படிப்புக்கு ஒதுக்குங்கள். பத்தாவது படிக்கிற பெண்ணோடு ஒரே மேசையில் உட்காருங்கள், இரண்டு பேருக்கும் நல்லது. ஞாயிற்றுக்கிழமையைத் தொடாதீர்கள். அதையும் எடுத்துக்கொண்டால் தங்கச்சி இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாள், நியாயம்தான்.

இதே மாதங்களில் மேனேஜரிடம் ஒன்று கேளுங்கள்: வாரத்தில் இரண்டு மதியம் கடன் பிரிவில் உட்கார அனுமதி. முத்ரா விண்ணப்பங்களைச் சரிபார்க்க ஆள் போதவில்லை என்று அவரே புலம்புகிறார். ஷிஷு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை, தருணை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு தருண் பிளஸ் 20 லட்சம் வரை. சான்ஷன் அதிகாரம் உங்களுக்கு இல்லை, வேண்டவும் வேண்டாம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு சரியா, விண்ணப்பத்தில் உள்ள தொழிலும் கடையில் நடக்கும் தொழிலும் ஒன்றா என்று பார்த்துக் குறிப்பு எழுதுங்கள். கடையைப் பார்க்க ஆபீஸர் போகும்போது கூடவே போங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி: காசிமேடு

இந்தப் பகுதியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

உங்கள் கிளையில் காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள், ஐஸ் வியாபாரிகள், வலை விற்பவர்கள், கூடை மீன் விற்கும் அம்மாக்கள் எல்லோரும் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. மாதம் 5ஆம் தேதி தவணை என்றால் மே தவணையும் ஜூன் தவணையும் நிற்கும். கம்ப்யூட்டருக்குத் தடைக்காலம் தெரியாது. 30 நாள் தாண்டினால் ஜூன் முதல் வாரத்திலேயே எஸ்எம்ஏ-1 என்ற எச்சரிக்கைப் பட்டியல், ஜூலை முதல் வாரத்தில் எஸ்எம்ஏ-2, 90 நாள் தாண்டினால் வாராக்கடன். வருடா வருடம் இதே ஆட்கள், இதே பட்டியல், இதே போன் மிரட்டல்.

கட்ட மனமில்லாதவர்கள் இவர்கள் கிடையாது. கடன் கொடுக்கும்போதே, பன்னிரண்டு மாதத் தவணையைப் பத்து மாதத்தில் வசூலிக்கும்படி அட்டவணை போட்டிருந்தால் பாதிப் பெயர் அந்தப் பட்டியலில் வராது. ஃபைபர் படகுக்காரருக்கு இந்த விதி வேறு, அவர் கரையோரம் போய்வருவார். அவருக்கும் அதே சலுகையை எழுதினால் நமக்கு நஷ்டம். ஐஸ்காரருக்குப் படகு நின்றால் வியாபாரமும் நின்றுபோகும். இந்த வித்தியாசம் உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும், அதைக் குறிப்பாக எழுதத்தான் பழக வேண்டும். மீனவர்களுக்கான கிசான் கிரெடிட் கார்டையும் படித்து வையுங்கள். 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, நாள் தவறாமல் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 ஆகும்.

பிப்ரவரி முடிவதற்குள் தடைக்காலத்தால் பாதிக்கப்படும் கடன்களைத் தனித்தனியாகப் பிரித்து, யாருக்கு எந்த அட்டவணை பொருந்தும் என்று இரண்டு பக்கக் குறிப்பு மேனேஜர் மேசையில் இருக்க வேண்டும். பழைய கடனின் அட்டவணையை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அது ரீஸ்ட்ரக்சரிங் ஆகிவிடும், மேலிடத்து அனுமதி வேண்டும். எனவே புதுக் கடன்களுக்கு ஒரு பட்டியல், பழையவற்றுக்கு வேறு பட்டியல்.

துணை வேலை: ஏமாந்தவர்களுக்கான நாற்காலி

வருடம் முழுக்க இது கூடவே ஓடட்டும். பணம் போய்விட்டது என்று வருபவரை உட்காரவைத்து, முதலில் 1930க்குப் போன், பிறகு cybercrime.gov.in-ல் புகார், அதே நேரத்தில் நம் கணக்கில் பிளாக். புகார் எண்ணை எழுதிக் கொடுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும், சீக்கிரம் சொன்னால்தான் எங்காவது நிறுத்த முடியும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தவறு வங்கியிலும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறு எங்கோ இருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. ஓடிபி-யைத் தானே கொடுத்திருந்தால் வங்கியில் சொல்லும்வரை போனது அவர் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். எழுத்தில் வாங்கி நேரம் குறிப்பது ஏன் என்று இப்போது புரியும். ஜேஏஐஐபி-யை நடத்தும் ஐஐபிஎஃப்-ல் சைபர் குற்றத் தடுப்புக்குத் தனிச் சான்றிதழ் இருக்கிறது. ஜேஏஐஐபி முடிந்ததும் அதை எழுதலாம்.

மார்ச் முதல் மே: புரமோஷன் கேள்வி

ஸ்கேல் ஒன் ஆபீஸர் ஆனால் வெளி மாநிலத்துக்கு மாற்றல் வரலாம். அப்போது பெண் பத்தாவது பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருப்பாள். என் யோசனை: இந்த முறை எழுதாதீர்கள், அவள் பன்னிரண்டாவது முடிக்கும்வரை கிளார்க்காகவே கடன் பிரிவில் இருங்கள். இன்கிரிமென்ட் வரும், வேலையும் கைக்கு வரும். ஆனால் இது நீங்களும் தங்கச்சியும் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு, என்னைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். அந்த ரெடிமேட் கடைக் கணக்கை நீங்களே எண்களை மாற்றி எக்செலில் போட்டு எடுத்துவர வேண்டும். சூரத்துக்காரர் பாக்கி 9 லட்சமாக ஏறினால் டிராயிங் பவர் என்ன ஆகும், கடைக்காரரிடம் அதை எப்படிச் சொல்வீர்கள்? அதிலிருந்து ஆரம்பிப்போம்.

அன்புடன்,
அக்கா