செப்டம்பர் 1 முதல் பில் மின்னஞ்சலில், பணம் வங்கி வழியாக மட்டும்

சாட்ஸ்வொர்த், டர்பன்
3 ஆகஸ்ட் 2026

கடையில் கணக்கு வைத்திருக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

செப்டம்பர் 1 முதல் நீங்கள் எடுக்கும் பூஜைச் சாமான்களுக்குக் காகித பில் கிடையாது. பில் பிடிஎஃப் ஆக உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். பணத்தையும் வங்கி வழியாக மட்டுமே வாங்குவோம். கவுன்டரில் ஒரு பாக்கெட் கற்பூரம் வாங்க வருகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் எப்போதும்போல் கையில் கொடுக்கலாம்.

போன வருடம் வசூல் முடித்துத் திரும்பிய எங்கள் டிரைவரை வழிமறித்துப் பணத்தைப் பறித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அம்மன் புண்ணியம். அன்றைக்கே எடுத்த முடிவு இது, செய்யத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. அப்புறம், ரொக்கத்தைக் கட்டப் போனால் வங்கி அதற்கும் கட்டணம் பிடிக்கிறது. உண்டியல் சில்லறையை மூட்டையாகக் கொண்டுவரும் பொருளாளர்கள் கோபிக்க வேண்டாம்!

பணம் அனுப்பும்போது ரெஃபரன்ஸ் இடத்தில் பில் எண்ணை மட்டும் போடுங்கள். "கோயில்" என்று போட்டால் எந்தக் கோயில் என்று எங்களுக்குத் தெரியாது. வேறு வங்கியிலிருந்து வரும் பணம் சேர ஒன்றிரண்டு வேலை நாள் ஆகலாம். அவசரமென்றால் பேஷாப்பில் அனுப்புங்கள். பணம் எங்கள் கணக்கில் ஏறிய பிறகுதான் சரக்கு வண்டியில் ஏறும். அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட் போதாது. உங்கள்மேல் சந்தேகம் இல்லை, போலி ரசீதுகள் ஊரில் நிறையச் சுற்றுகின்றன.

அதைவிட முக்கியமானது ஒன்று. எங்கள் வங்கிக் கணக்கு எண்ணை வேண்டுமென்றேதான் இந்தக் கடிதத்தில் போடவில்லை. முதல் பில் வந்ததும், அதிலுள்ள எண்ணை எங்களுக்கு போன் செய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடமுள்ள பழைய பில்லில் அச்சிட்டிருக்கும் போன் எண்ணுக்கே கூப்பிடுங்கள், மின்னஞ்சலில் வரும் எண்ணுக்கு வேண்டாம். பிற்பாடு "எங்கள் கணக்கு மாறிவிட்டது" என்று எந்தச் செய்தி வந்தாலும் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலை இடையில் பிடித்துக் கணக்கு எண்ணை மாற்றிவிடும் கூட்டம் இருக்கிறது. போன பணத்தைத் திரும்பப் பிடிப்பது பெரும் பாடு.

உங்கள் மின்னஞ்சல் முகவரியை ஆகஸ்ட் 20க்குள் கடைக்குச் சொல்லிவிடுங்கள். வாட் பதிவு உள்ளவர்கள் அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். 5,000 ரேண்டுக்கு மேற்பட்ட பில்லில் அது இருக்க வேண்டும். பில்களை ஐந்து வருடம் பத்திரப்படுத்தி வையுங்கள், வரி அலுவலகம் கேட்டால் காட்ட வேண்டும். மின்னஞ்சல் பழக்கமில்லாத பெரியவர்கள் பிள்ளைகளின் முகவரியைத் தரலாம். கேட்டால் வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி அனுப்புகிறோம்.

பழைய பாக்கியை மட்டும் செப்டம்பர் 15 வரை ரொக்கமாகக் கட்டலாம். புரட்டாசி ஆர்டர்கள் தொடங்குவதற்குள் இதை முடித்துவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்