உவமையும் உயர்வு நவிற்சியும்: ஒன்பதாம் வகுப்புப் பயிற்சித்தாள்

கவிதையை முதலில் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள், பென்சிலை அப்புறம் எடுக்கலாம். சித்திரா பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்குவதை, அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு சிறு பிள்ளை சொல்கிற கவிதை இது. யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதை விட்டுவிட்டால் பாதி விடைகள் தப்பாகப் போய்விடும்.

ஆற்றில் அழகர்

விடியும் முன்னே விழித்தது மதுரை,
அடைமழை வெள்ளம்போல் ஆட்கள் தெருவில்;
எள்போட்டால் எள்விழ இடமே இல்லை,
பாலத்தின் மேலே மனிதச் சுவர்கள்.
தோல்பை பீய்ச்சிய துளிகள் பட்டுச்
சித்திரை வெயிலும் அணைந்தே போச்சு.
காய்ந்த வயலில் நாற்றைப் போலப்
பச்சைப் பட்டில் அழகர் வந்தார்.
கோவிந்தா என்ற குரலைக் கேட்டு
யானைமலையும் செவியை அசைத்தது.
அப்பா தோளில் ஏறிய எனக்கு
வானம் கைக்கு எட்டும் தூரம்.

கண்டுபிடிப்பது எப்படி?

போல, போன்ற, அன்ன, மாதிரி என்று உவம உருபு வந்தால் உவமை. உருபு இல்லாமல் ‘இதுவேதான் அது’ என்று ஒன்றாக்கிச் சொன்னால் உருவகம். நான்காம் அடியில் மக்களே சுவராகிவிட்டார்கள், பாருங்கள். உயர்வு நவிற்சிக்கு உருபு எதுவும் கிடையாது. ‘நிஜத்தில் இப்படி நடக்குமா?’ என்று கேளுங்கள். நடக்காது என்று தெரிந்தும் கவிஞர் பொய் சொல்கிறார் என்று நமக்குத் தோன்றவில்லை என்றால் அதுதான் உயர்வு நவிற்சி.

அணியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். எந்தத் தன்மை எதன் மேல் ஏற்றப்படுகிறது, அதனால் படிக்கிறவர் மனதில் என்ன நடக்கிறது, இந்த இரண்டையும் எழுதினால்தான் முழு மதிப்பெண். ‘கவிதைக்கு அழகு சேர்க்கிறது’ என்ற வாக்கியத்தை எந்தக் கவிதைக்கும் எழுதலாம், அதனால் அது விடையே இல்லை.

செய்து காட்டியவை

‘காய்ந்த வயலில் நாற்றைப் போல’: உவமை. உவமானம் நாற்று, உவமேயம் பச்சைப் பட்டில் வரும் அழகர், உருபு ‘போல’. நிறம் மட்டும்தான் ஒற்றுமை என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் அந்த வருஷம் வெள்ளாமை செழிக்கும் என்று நம்புகிற ஊர் இது. மழைக்குக் காத்திருக்கும் சம்சாரி காய்ந்த வயலில் பச்சையைப் பார்த்தால் அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும், அந்த நிம்மதிதான் ஒரே ஒரு அடியில் நமக்கும் வந்துசேர்கிறது.

‘யானைமலையும் செவியை அசைத்தது’: உயர்வு நவிற்சி. ஒத்தக்கடையில் இருக்கும் மலை ஆற்றங்கரைச் சத்தத்துக்கு அசையாது. ஆனால் அந்த மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது படுத்திருக்கும் யானையாகவேதான் தெரியும், அதனால் ‘மலை இடிந்தது’ என்று சொன்னால் வராத ஒரு சந்தோஷம் ‘செவியை அசைத்தது’ என்பதில் வருகிறது. கூட்டத்தின் குரல் எவ்வளவு பெரியது என்று நம் காதில் விழுகிறது. கல்லாகக் கிடந்த மலையே எழுந்து சாமி பார்க்க வருகிறதோ என்று ஒரு நொடி தோன்றியும்விடுகிறது. இந்தக் கவிதையில் எனக்கு மிகவும் பிடித்த அடி இதுதான்.

‘எள்போட்டால் எள்விழ இடமே இல்லை’: இதுவும் உயர்வு நவிற்சிதான். ஆனால் தினமும் பேச்சில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் படிக்கிறவரைப் பெரிதாக அசைப்பதில்லை, கூட்டம் என்ற செய்தியை மட்டும் சட்டென்று சொல்லிவிடுகிறது. ‘தாக்கம் குறைவு’ என்று காரணத்தோடு எழுதினாலும் மதிப்பெண் உண்டு.

நீங்கள் எழுத வேண்டியவை

1. ‘அடைமழை வெள்ளம்போல் ஆட்கள்’: உவமானம், உவமேயம், உருபு மூன்றையும் பிரித்து எழுதுங்கள். கூட்டத்தை எறும்புக்கு ஒப்பிடாமல் வெள்ளத்துக்கு ஒப்பிட்டதால் ஒரு சிறு பிள்ளையின் மனநிலை எப்படித் தெரிகிறது? (4)

2. ‘சித்திரை வெயிலும் அணைந்தே போச்சு’: இதில் மிகை எங்கே இருக்கிறது? பக்தர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மேலே பட்ட அனுபவம் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால் அதையும் சேர்த்து, ‘அணைந்தே’ என்ற சொல் வெயிலை என்னவாக மாற்றுகிறது என்று சொல்லுங்கள். (4)

3. கடைசி இரண்டு அடிகளை ஒரு பெரியவர் சொல்லியிருந்தால் இதே தாக்கம் இருக்குமா? ஐந்து வரிக்குக் குறையாமல் எழுதுங்கள். (5)

4. வைகை, தெப்பக்குளம், மல்லிகைச் சந்தை, இவற்றில் ஒன்றைப் பற்றி ஓர் உவமையும் ஓர் உயர்வு நவிற்சியும் சொந்தமாக எழுதுங்கள். ‘பால் போல வெள்ளை’, ‘கடல் போலக் கூட்டம்’ இரண்டும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டி, அவர் மனதில் என்ன தோன்றியது என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே கீழே எழுதுங்கள். (7)

சரிபார்க்க

முதல் கேள்விக்கு வெள்ளத்தின் வேகம், தடுக்க முடியாமை, அடித்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம், இவற்றில் ஏதாவது இரண்டு வந்திருந்தால் சரி. இரண்டாவதில் வெயில் நெருப்பாக உருவகமாகியிருப்பதைக் கவனித்தீர்களா என்று பாருங்கள், ஒரே அடியில் இரண்டு அணியும் சேர்ந்து வரலாம். மூன்றாவதுக்கு ‘இருக்கும்’, ‘இருக்காது’ எதுவானாலும் ஏற்றுக்கொள்வேன், காரணம் மட்டும் கவிதையிலிருந்தே வர வேண்டும்.