மாடி அறைத் தம்பிக்கு

தம்பி,

எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டினேன். சத்தமே இல்லை. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் உன் அறையில் லைட் எரிந்தது என்று மாமா சொன்னார். சரி, தூங்கட்டும் என்று கேரியரை வாசலில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பொங்கல் வாழ்த்துகள்.

மேல் தட்டில் சர்க்கரைப் பொங்கல். நடுவில் வெண்பொங்கலும் கொத்சுவும். ஆறி இறுகியிருந்தால் வெண்பொங்கலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிளறு, இளகிவிடும். அடித்தட்டில் பனங்கிழங்கு. தென்காசிப் பக்கம் இது இல்லாமல் பொங்கலே கிடையாது என்று ஒருநாள் சொன்னாய் அல்லவா? சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக வந்திருந்தது. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தேன். நார் எடுக்கிற பக்குவம் எனக்கு வராது, அதை நீயே உரித்துக்கொள்.

பொதிகையில் டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டது, 19-ஆம் தேதி பரீட்சை வேறு. உன் அறைப் பையன்கள் இரண்டு பேரும் கிளாம்பாக்கத்துக்குக் கிளம்பியபோது கேட் வரை வந்து வழியனுப்பினாய். நான் அங்கேதான் கோலமாவு சலித்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்த்தும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே கண் கலங்கியிருப்பாய்.

எழுந்ததும் அம்மாவுக்கு போன் போடு. வீடியோ கால் போடு. அழுகை வந்தால் அழு, அவர்களும் அழுவார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. 'நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்' என்று ஒரு நிமிஷத்தில் வைத்துவிட்டால்தான் அவர்களுக்கு இன்றைக்கு முழுக்க வேலை ஓடாது. ஊரில் வைத்த பானையைக் காட்டச் சொல், நீ இந்தக் கேரியரைத் திறந்து காட்டு.

தெருமுனை மெஸ் மூன்று நாள் லீவு. டீயும் பன்னும் போதும் என்று படுத்துக்கிடக்காதே. மத்தியானம் ஒரு மணிக்குக் கீழே வா. வாழைக்காய் வறுவல், பரங்கிக்காய், மொச்சை போட்ட குழம்பு எல்லாம் இருக்கிறது. மாமாவின் தங்கை குடும்பமும் வருகிறது, கூச்சப்படாதே. பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், சாப்பிட்டுவிட்டு மேலே போய்ப் படி. யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். உனக்கும் சேர்த்துத்தான் உலை வைத்திருக்கிறேன்.

சாயந்திரம் மாமா புத்தகக் காட்சிக்குப் போகிறார். மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன்தான் நந்தனம். ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தால் மனசுக்கும் மாறுதல், படிப்பும் ஒன்றும் கெட்டுவிடாது. போக விருப்பம் இருந்தால் சாப்பிடும்போது அவரிடம் சொல்.

நாளைக்கு மாட்டுப் பொங்கலுக்கும் சாப்பாடு கீழேதான். கேரியரைக் கழுவ வேண்டாம், அப்படியே எடுத்து வா.

கீழ்வீட்டு அத்தை