சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்படாத ஆய்வுகளில் பக்கச்சார்பு அபாய மதிப்பீடு

இதயச் செயலிழப்பால் அனுமதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவமனை நடத்தும் வீடுதிரும்பல் ஒருங்கிணைப்புத் திட்டம், 30 நாட்களுக்குள் நேரும் மறு அனுமதியைக் குறைக்கிறதா என்பதே இந்த மீளாய்வின் கேள்வி. சேர்க்கப்பட்டவற்றுள் ஆறு ஆய்வுகளில் பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்படவில்லை. நான்கு ஆய்வுகள் திட்டத்தில் இருந்தோரையும் இல்லாதோரையும் ஒப்பிட்டவை, எஞ்சிய இரண்டும் திட்டத்துக்கு முந்தைய, பிந்தைய காலங்களை ஒப்பிட்டவை. இவற்றை ராபின்ஸ்-ஐ கருவியின் 2016 பதிப்பைக் கொண்டு, மீளாய்வாளர்கள் இருவர் தனித்தனியே மதிப்பிட்டனர். கருத்து வேறுபட்ட இடங்களில் மூன்றாமவர் முடிவு செய்தார்.

ஒவ்வோர் ஆய்வையும் ஒரு கற்பனையான இலக்குச் சோதனையுடன் ஒப்பிட்டோம். வீடு திரும்பும் நாளிலேயே நோயாளிகளைத் திட்டத்திலோ வழக்கமான பராமரிப்பிலோ குலுக்கல் முறையில் சேர்த்து, அன்றிலிருந்தே பின்தொடரும் சோதனை அது. வயது, நோயின் தீவிரம், சிறுநீரகச் செயல்பாடு, முந்தைய ஓராண்டின் அனுமதிகள், தனியாக வசித்தல் ஆகியவற்றைக் குழப்பக் காரணிகள் என்று தரவைப் பார்க்கும் முன்பே வரையறுத்திருந்தோம்.

குழப்பக் காரணிகளைப் பொறுத்தவரை எந்த ஆய்வும் குறைந்த அபாயம் என்ற தீர்ப்பைப் பெறவில்லை. ஒப்பீட்டு ஆய்வுகளில் இரண்டு மட்டுமே முந்தைய அனுமதிகளைக் கணக்கில் எடுத்திருந்தன. அவை மிதமான அபாயம் என்றும், மற்ற இரண்டும் கடுமையான அபாயம் என்றும் வகைப்படுத்தப்பட்டன. தனியாக வசிப்பதை எந்த ஆய்வும் பதிவு செய்யவில்லை. தொலைபேசியை எடுக்கவும், மாத்திரைகளை நேரத்துக்குத் தரவும் வீட்டில் ஒருவர் இருப்பவரே இத்தகைய திட்டத்தில் சேர்க்கப்படும் வாய்ப்பு மிகுதி என்பதால், இந்த விடுபடல் திட்டத்துக்குச் சாதகமான திசையிலேயே முடிவைச் சாய்த்திருக்கும் என்று கருதுகிறோம்.

எங்களை மிகவும் யோசிக்க வைத்தது மூன்றாம் ஒப்பீட்டு ஆய்வு. வீடு திரும்பிய ஏழு நாட்களுக்குள் செவிலியரின் அழைப்பைப் பெற்றவர்களை மட்டுமே அது திட்டக் குழு என வரையறுத்தது. ஆனால் பின்தொடர்தலை வீடு திரும்பிய நாளிலிருந்தே தொடங்கியது. ஐந்தாம் நாள் அழைக்கப்பட வேண்டிய ஒருவர் மூன்றாம் நாளே மூச்சுத்திணறலுடன் திரும்பி வந்தால், அழைப்பைப் பெறாத காரணத்தாலேயே அவருடைய மறு அனுமதி ஒப்பீட்டுக் குழுவின் கணக்கில் சேர்ந்துவிடும். திட்டக் குழுவில் இருப்பவரோ அழைப்பு வரும்வரை மறு அனுமதி இன்றி இருந்தாக வேண்டும். திட்டத்தால் ஒரு பயனும் இல்லாவிட்டாலும்கூட இந்த வரையறையே பயன் இருப்பதாகக் காட்டும். இதனைப் பங்கேற்பாளர் தேர்வுக்குரிய குறையாகப் பதிவதா, குறுக்கீட்டை வகைப்படுத்தியதில் நேர்ந்த குறையாகப் பதிவதா என்பதில் மீளாய்வாளர்கள் வேறுபட்டனர். இரு குழுக்களுக்கும் பின்தொடர்தல் ஒரே நாளில் தொடங்கியதால், குழுப் பிரிப்பு விளைவால் பாதிக்கப்பட்டதே சிக்கல் எனக் கொண்டு, வகைப்படுத்தல் களத்தில் மிகக் கடுமையான அபாயம் என்று பதிந்தோம்.

முன்-பின் ஆய்வுகளில் ஒன்று, மறு அனுமதி வழக்கத்துக்கு மாறாக உயர்ந்த காலாண்டுக்குப் பிறகே திட்டம் தொடங்கப்பட்டதாகக் கூறுகிறது. அத்தகைய உச்சம் தலையீடு இல்லாமலும் சராசரியை நோக்கித் தாழக்கூடியது. முந்தைய காலத்துக்கு ஒரே ஓர் அளவீடு இருக்கும்போது அந்தத் தாழ்வைத் திட்டத்தின் பயனிலிருந்து பிரித்தறிய வழியில்லை. இரண்டாவது ஆய்வு மாதவாரியாகப் பல அளவீடுகளைத் தந்ததால் அடிப்படைப் போக்கைக் கணக்கிட முடிந்தது. ஆகவே முதலாவது கடுமையான அபாயமும் இரண்டாவது மிதமான அபாயமும் கொண்டவை.

மறு அனுமதி மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதாலேயே அதன் அளவீட்டில் பக்கச்சார்பு இல்லை என்று கருதிவிடவில்லை. இரண்டு ஒப்பீட்டு ஆய்வுகள் அதே மருத்துவமனைக்குத் திரும்பியோரை மட்டுமே எண்ணின. வேறிடம் சென்றவர்கள் இரு குழுக்களிலும் ஒரே விகிதத்தில் தவறவிடப்பட்டனர் என்பதற்கு ஆதாரம் இல்லை. உள்நோயாளியாகச் சேர்க்காமல் கண்காணிப்பில் வைக்கப்பட்டவர்களும் எண்ணிக்கையில் வரவில்லை. ஆகவே இவ்விரண்டுக்கும் இக்களத்தில் மிதமான அபாயம் என்று தீர்ப்பளித்தோம். ஒரே ஆய்வு மட்டும் அளந்த வாழ்க்கைத் தரத்துக்கு, தாம் எந்தக் குழு என்பதை அறிந்த நோயாளிகளே விடையளித்ததால் கடுமையான அபாயம் எனப் பதிந்தோம்.

திட்டமிட்ட குறுக்கீட்டிலிருந்து விலகல் களத்தில் குறிப்பிடத்தக்க சிக்கல் இல்லை. விடுபட்ட தரவு பற்றி ஓர் ஆய்வு எதுவுமே கூறாததால் அங்கு தகவல் இல்லை என்று பதிந்தோம். முன்கூட்டிப் பதிவு செய்யப்பட்ட ஆய்வுத் திட்டம் எந்த ஆய்வுக்கும் கிடைக்காததால், வெளியிட்ட முடிவைத் தேர்ந்தெடுத்தல் களத்தில் ஆறும் மிதமான அபாயம் பெற்றன.

மறு அனுமதிக்கான ஒட்டுமொத்தத் தீர்ப்பில், மிகமோசமான களத்தின் நிலைக்குக் குறையாமல் மதிப்பிடும் விதிப்படி, மூன்று ஆய்வுகள் மிதமானவை, இரண்டு கடுமையானவை, ஒன்று மிகக் கடுமையானது. கடைசியாகக் கூறியதன் முடிவை விவரித்துள்ளோமே தவிரத் தொகுப்புப் பகுப்பாய்வில் சேர்க்கவில்லை. கடுமையான இரண்டையும் நீக்கிய உணர்திறன் பகுப்பாய்வைத் தனியாகத் தருகிறோம். கிரேட் முறையில் சான்றின் உறுதியை உயர் நிலையிலிருந்து தொடங்கி, இம்மதிப்பீட்டின் அடிப்படையில் இரண்டு படிகள் கீழிறக்கியுள்ளோம்.