மீதி இரண்டு அடிகள்: ஆசிரியருக்கு ஒரு திருத்தக் கடிதம்

சேரன்மகாதேவி,
22.11.2024

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள்,
நெல்லைப் பதிப்பு,
திருநெல்வேலி.

பொருள்: 20.11.2024 இதழ், ஐந்தாம் பக்கம், "கோயிலுக்குக் கொடுப்பது வீண்: மடாதிபதி பேச்சு" என்ற செய்திக்குத் திருத்தம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை முதல் சோமவாரமான 18-ஆம் தேதி மாலை, எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சங்காபிஷேகம் முடிந்த பிறகு எங்கள் திருமடத்துச் சுவாமிகள் பேசினார்கள். அந்தப் பேச்சைத்தான் மேற்படி தலைப்பில் வெளியிட்டிருக்கிறீர்கள். தலைப்பில் உள்ள வாக்கியத்தைச் சுவாமிகள் சொல்லவில்லை. அந்தப் பொருளிலும் சொல்லவில்லை. சொன்னது ஏறத்தாழ அதற்கு நேர் எதிரானது. ஆதாரம் கையில் இருப்பதால்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

பேச்சு முழுவதும் 31 நிமிடம். மடத்தில் வழக்கமாகப் பதிவு செய்வதுபோல் அன்றும் பதிவு செய்தோம். செய்தி வந்த அன்றே இரண்டு முறை உட்கார்ந்து கேட்டேன். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவன். பையன்கள் பாட்டைப் பாதியில் விட்டால் பொறுக்காது. இங்கேயும் நடந்திருப்பது அதுதான்.

சுவாமிகள் சொன்ன திருமந்திரப் பாடல் இது:

படமாடக் கோயில் பகவற்கு ஒன்று ஈயில்
நடமாடக் கோயில் நம்பர்க்கு அங்கு ஆகா
நடமாடக் கோயில் நம்பர்க்கு ஒன்று ஈயில்
படமாடக் கோயில் பகவற்கு அது ஆமே.

தங்கள் செய்தியில் முதல் இரண்டு அடி மட்டும் இருக்கிறது. 'ஆகா' என்பதோடு பாட்டு நின்றுவிட்டால், மாடக்கோயிலில் இருக்கும் சாமிக்குக் கொடுப்பது யாருக்கும் உதவாது என்பதுபோல்தான் தோன்றும். பாட்டின் உயிர் இருப்பது கடைசி 'ஆமே'யில். நடமாடும் கோயிலான மனிதருக்குக் கொடுத்தால் அது மாடக்கோயில் சாமிக்கும் போய்ச் சேரும் என்கிறார் திருமூலர். கொடுப்பதை நிறுத்தச் சொல்லும் பாட்டு அல்ல, கொடுத்தது இரண்டு இடத்துக்கும் போய்ச் சேர வழி சொல்லும் பாட்டு. சுவாமிகளும் அப்படித்தான் விளக்கினார்கள். பதிவில் பதினெட்டாவது நிமிடத்தில் வரும் அவர்கள் வார்த்தைகளை ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்:

"கோயிலுக்குக் கொடுக்காதேன்னு திருமூலர் சொல்லலை. நான் அப்படிச் சொன்னேன்னு வெளியில போய்ச் சொல்லிராதீங்க. சாமிக்குப் படைச்ச சோறு இலையில விழுந்து ஒரு மனுஷன் வயித்துக்குப் போகணும். அப்பத்தான் சாமி சாப்பிட்டாருன்னு அர்த்தம்."

'வெளியில போய்ச் சொல்லிராதீங்க' என்று அவர்களே சொன்னதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் செய்தியைத் திரும்பப் பார்த்ததும் அது போய்விட்டது.

பேச்சின் தொடக்கத்தையும் சொல்ல வேண்டும், அது செய்தியில் ஒரு வரிகூட இல்லை. சுவாமிகள் ஆரம்பித்ததே நம் ஊர்ப் பெயர்க் கதையில். வேதசர்மா வீடு வீடாக இரந்து வாங்கிய நெல்லைச் சாமி நைவேத்தியத்துக்காக வெயிலில் காயப்போட்டுவிட்டுத் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனார், மழை கொட்டியது, பதறி ஓடிவந்து பார்த்தால் சுற்றிலும் மழை, நெல்லில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. நெல்லுக்கு வேலி கட்டியவர் என்பதால் நெல்லையப்பர், ஊர் திருநெல்வேலி. இது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைதான். ஆனால் சுவாமிகள் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் தெரியுமா? "தனக்குன்னு காயப்போட்ட நெல்லைத் தானே வேலி போட்டுக் காத்தவரு, கொடுக்கிறதை வேண்டாம்னா சொல்லுவாரு?" என்று கேட்டார்கள். இப்படித் தொடங்கிய பேச்சுக்குத்தான் 'கோயிலுக்குக் கொடுப்பது வீண்' என்று தலைப்பு.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சுவாமிகள் அன்று காரமாகவும் பேசினார்கள். "கல்லு மேல கல்லு வச்சுக் கோபுரம் கட்டிட்டு, வாசல்ல பசியோட நிக்கவனை விரட்டினா அதுக்குப் பேரு திருப்பணி இல்லை" என்றார்கள். முன்வரிசையில் இருந்த திருப்பணிக் குழுவினர் சிலருக்கு முகம் சுண்டியது, நானே பார்த்தேன். இந்த வாக்கியத்தை நீங்கள் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் மடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்காது. சொன்னது சொன்னதுதான். சொல்லாததைத்தான் ஏற்க முடியவில்லை. அதுவும் மேற்கோள் குறிக்குள். நிருபர் தாம் புரிந்துகொண்டதைத் தம் வார்த்தையில் எழுதலாம், அது அவர் உரிமை. இரட்டைக் குறி போட்டுவிட்டால் உள்ளே இருப்பது பேசியவருடைய வாய்ச்சொல் என்றுதானே வாசகன் நம்புவான்?

இன்னொரு சிறு பிழையும் உண்டு. பாடலை வள்ளலார் பாடியதாக எழுதியிருக்கிறீர்கள். இது எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பாட்டைச் சொன்ன கையோடு, 1867-இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையைப் பற்றியும், அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிவதைப் பற்றியும் சுவாமிகள் பேசினார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்காகக் கோபமில்லை, திருத்தினால் போதும்.

கூட்டத்துக்கு வந்திருந்த நிருபர் தம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேச்சு ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில், அம்பாசமுத்திரத்தில் இன்னொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லி, பிரசாதம்கூட வாங்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வாட்ஸ்அப்பில் சுற்றிய 40 விநாடித் துண்டு வீடியோவை வைத்துச் செய்தி எழுதப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தத் துண்டும் சரியாக 'ஆகா'வில்தான் அறுந்து நிற்கிறது. ஒரே நாளில் மூன்று ஊர் ஓட வேண்டியிருக்கும் பிள்ளை. இந்தக் கடிதத்தைக் காட்டி அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்பது சுவாமிகளின் வேண்டுகோள், என்னுடையதும்கூட. ஆனால் துண்டு வீடியோவை வைத்து ஒருவர் பேச்சை எழுதும்போது மடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அலுவலகத்து எண் உங்களிடம் இருக்கிறது, அழைப்பிதழிலும் இருந்தது.

ஒரு தலைப்புக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று தோன்றலாம். நேற்றுக் காலை நடந்ததைச் சொல்கிறேன். வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போதே பீடி சுற்றும் ஒரு அம்மா வந்து நின்றார். கும்பாபிஷேகத் திருப்பணிக்கு என்று ஆடி மாதத்திலிருந்து வாரக்கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்த பணம், ஐந்நூறு ரூபாய், பத்தும் இருபதுமாக. ஒரு பழைய பவுடர் டப்பாவில் மடித்து வைத்திருந்தார். இலை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன விரலால் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டார்: "வாத்தியாரய்யா, சாமி வேண்டாம்னுட்டாங்களாமே? பேப்பர்ல போட்டிருக்காம். பேரன் வாசிச்சுக் காட்டினான். அப்ப இதை என்ன செய்ய?" நான் எவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. பேப்பரில் போட்டிருக்கிறதே! உள்ளே அழைத்துப்போய்ச் சுவாமிகளையே சொல்ல வைத்த பிறகுதான் டப்பா உண்டியல் பக்கம் நகர்ந்தது. வந்து கேட்டது அவர் ஒருவர். கேட்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ.

தங்கள் இதழில் அச்சானதை எங்கள் பக்கத்து ஜனம் அப்படி நம்புகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. போன வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பிளந்து ஊற்றியபோது, குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் முங்கிக் கிடந்தபோது, எந்தப் பாலம் திறந்திருக்கிறது, எங்கே குடிதண்ணீர் லாரி வருகிறது என்று தங்கள் பேப்பரைப் பார்த்துத்தான் மடத்திலிருந்து சாப்பாட்டு வேன் அனுப்பினோம். சோமவாரப் பேச்சில் சுவாமிகள் அந்த வெள்ளத்தையும் நினைவுகூர்ந்தார்கள்: செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றபோது புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களுக்கே இல்லாத நேரத்தில் பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டதை. "நடமாடக் கோயில்னா என்னன்னு திருமூலரைக் கேக்க வேண்டாம், புதுக்குடிக்காரனைக் கேளு" என்றார்கள். அன்றைக்குக் கைதட்டல் விழுந்த ஒரே இடம் அதுதான். செய்திக்கு எடுப்பான தலைப்பு வேண்டுமென்றால் அது சும்மாவே கிடைத்திருக்கும்.

சரி, நாங்கள் கேட்பது இவ்வளவுதான். கீழ்க்கண்ட திருத்தத்தை, செய்தி வந்த அதே ஐந்தாம் பக்கத்தில், கண்ணில் படும்படி வெளியிடுங்கள்:

"20.11.2024 இதழில் 'கோயிலுக்குக் கொடுப்பது வீண்' என்று சேரன்மகாதேவி திருமடத்துச் சுவாமிகள் பேசியதாக வெளியான வாக்கியம் அவர் கூறியது அல்ல. திருமந்திரப் பாடலின் முதல் இரண்டு அடிகள் மட்டும் வெளியானதால் பொருள் மாறிவிட்டது. மனிதருக்குக் கொடுப்பது இறைவனுக்கும் சென்று சேரும் என்பதே அவர் பேச்சின் கருத்து. பாடல் திருமூலருடையது. தவறுக்கு வருந்துகிறோம்."

இதோடு நான்கு அடிகளையும் அச்சிட்டால் மகிழ்வோம். இணையதளத்தில் உள்ள செய்தியின் தலைப்பையும் மாற்றி, மாற்றப்பட்டது என்று அடியில் ஒரு குறிப்புப் போட வேண்டும். சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் பயனில்லை, பழைய தலைப்பின் படம் ஏற்கெனவே குழுக்களில் சுற்றுகிறது. அடுத்த சோமவாரம் 25-ஆம் தேதி. அதற்கு முன் வந்துவிட்டால், அன்று கூடும் ஜனத்துக்கு நாங்களே வாசித்துக் காட்டிவிடுவோம்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாம் என்று மடத்து அன்பர்கள் சிலர் சொன்னார்கள். தவறான செய்திக்கு உரிய இடத்தில் உடனே திருத்தம் போட வேண்டும் என்பது கவுன்சிலின் நெறியிலேயே இருக்கிறது, நீங்கள் அறியாததல்ல. சுவாமிகள் அதற்குச் சம்மதிக்கவில்லை. செய்தியைப் படித்துக் காட்டியபோது சிரித்துவிட்டு, "பாதிப் பாட்டைப் போட்டிருக்காங்க. மீதியையும் போடச் சொல்லும் வே, அவ்வளவுதான்" என்றார்கள். அந்தச் சொல்லைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

முழுப் பதிவையும் பென் டிரைவில் இத்துடன் இணைத்திருக்கிறேன். மடத்தில் வந்து கேட்க விரும்பினாலும் காலை பத்து மணிக்கு மேல் நான் அலுவலகத்தில் இருப்பேன். நிருபர் தம்பியை அனுப்பினால் இன்னும் நல்லது, அன்றைக்கு வாங்காமல் போன பிரசாதம் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காரியதரிசி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்),
திருமட அலுவலகம்,
சேரன்மகாதேவி.

இணைப்பு: பேச்சின் முழு ஒலிப்பதிவு, 31 நிமிடம், 20.11.2024 இதழின் ஐந்தாம் பக்க நறுக்கு.